வெள்ளைச் சீருடையில் புல்லும் செம்மண்ணும்: ஒரு சலவை நிகழ்வு ஆய்வு

பின்னணி

புதுக்கோட்டை மாவட்டத்தில் செம்புரைக்கல் நிறைந்த பகுதியில் இருக்கும் ஒரு பள்ளியின் கால்பந்து மைதானம் அது. நடுப்பகுதியில் அருகும் கோரையும் அடர்ந்திருக்கும். கோல் கம்பங்களுக்கு முன்னால் மட்டும் கால் பட்டுப் பட்டுப் புல் தேய்ந்து வெறும் செம்மண் தெரியும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அந்த இடம் குழம்பாகிவிடும். கோல்கீப்பராக ஆடுகிறவர் புல்லில் பாய்ந்து மண்ணில் விழுவார், அல்லது மண்ணில் பாய்ந்து புல்லில் சறுக்குவார். எப்படி விழுந்தாலும் இரண்டு கறையும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும்.

இந்த நிகழ்வில் கோல்கீப்பர் ஆறாம் வகுப்பு மாணவி. அக்டோபர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, முந்தைய இரவு பெய்த மழைக்குப் பிறகு நடந்த ஆட்டம். அடுத்த சனிக்கிழமை வட்ட அளவிலான போட்டி இருந்தது. பள்ளி கொடுத்திருந்தது ஒரே ஒரு சீருடை: முழு பாலியஸ்டரில் வெள்ளை ஜெர்சி, முதுகில் சூடாக்கி ஒட்டிய நீல எண், பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த வெள்ளை அரைக்கால் சட்டை, பருத்தியும் நைலானும் எலாஸ்டிக்கும் கலந்த வெள்ளைக் காலுறை. கோல்கீப்பருக்கு வெள்ளை உடுப்பைத் தேர்ந்தெடுத்தவர் அதைத் துவைத்திருக்க வாய்ப்பில்லை.

திங்கள்கிழமை காலை, குழந்தையின் தாயார் இந்த மூன்றையும் எங்கள் சலவைக் கடைக்குக் கொண்டுவந்தார். "அண்ணே, பிளீச் போட்டுப் பார்த்தும் போகவில்லை, துணியே மஞ்சளாகிவிட்டது" என்பது அவர் சொன்ன முதல் வாக்கியம்.

கடைக்கு வருமுன் வீட்டில் நடந்தவை

என்ன செய்தார்கள் என்பதை வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். கறையை எடுப்பதில் பாதி வேலை இந்த விசாரணைதான்.

சனிக்கிழமை மாலை, மண் ஈரமாக இருக்கும்போதே மூன்று துணிகளையும் வெந்நீரில் சலவைத் தூளோடு ஊறவைத்திருக்கிறார். பிறகு துவைக்கும் கல்லில் போட்டு பிரஷால் அழுத்தித் தேய்த்திருக்கிறார். மேலாக இருந்த மண் போனது, நிறம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னபடி எலுமிச்சம்பழத்தை உப்பில் தொட்டுத் தேய்த்து வெயிலில் போட்டிருக்கிறார். மதியம் பார்த்தபோது முழங்கைப் பக்கத்தில் பச்சையாக இருந்த இடம் பழுப்பாக மாறியிருந்தது. கறை கூடிவிட்டது என்று பதறி, மாலையில் பிளீச் கலந்த வாளியில் போட்டு இரவு முழுவதும் ஊறவைத்துவிட்டார். வாளியில் போட்டபோது கண்ணெரியும்படி ஒரு நெடி வந்ததாகவும் சொன்னார்.

அந்த நெடியைப் பற்றி உடனே பேச வேண்டியிருந்தது. எலுமிச்சைச் சாறு துணியில் மிச்சமிருக்க, அதன்மேல் குளோரின் பிளீச் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். துணியில் ஒட்டியிருந்த சாறு கொஞ்சம் என்பதால் கண்ணெரிச்சலோடு போயிற்று. மூடிய குளியலறையில் கூடுதலான அமிலத்தோடு நடந்திருந்தால் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போகும்படி ஆகியிருக்கும்.

கவனித்தவை

துணியைக் கையில் எடுத்து, உருப்பெருக்கும் கண்ணாடி வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். மூன்று விதமான நிறமாற்றம் இருந்தது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

முதலாவது, அரைக்கால் சட்டையின் வலது இடுப்புப் பக்கத்திலும் காலுறையின் முழங்கால் பட்டையிலும் இருந்த செம்பழுப்பு. கண்ணாடியில் பார்த்தால் நூல் இழைகளின் முறுக்குக்குள் புள்ளி புள்ளியாக மண் தெரிந்தது. செம்மண்ணுக்கு நிறம் கொடுப்பது இரும்பு ஆக்சைடு. அது நீரில் கரைகிற சாயம் கிடையாது. களிமண்ணோடு ஒட்டிய மிக நுண்ணிய துகள். ஈரத்தில் தேய்த்தால் துகள் இன்னும் உள்ளே போகும். பிளீச்சால் அதற்கு எந்தக் கெடுதலும் இல்லை, ஏனென்றால் பிளீச் செய்யும் வேலை ஆக்சிஜனேற்றம், செம்மண்ணில் உள்ள இரும்போ ஏற்கெனவே முழுக்கத் துருப்பிடித்த இரும்பு.

இரண்டாவது, ஜெர்சியின் முழங்கையிலும் தோளிலும் எண்ணின் கீழ் விளிம்பிலும் இருந்த மங்கிய பழுப்பு. இதுதான் தாயாரைப் பதறவைத்தது. பார்வைக்கு மண் கறை போலவே இருந்தாலும் இழைகளுக்கிடையே துகள் எதுவும் தெரியவில்லை. நிறம் இழையின்மேல் பரவலாக ஏறியிருந்தது. காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றைச் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் நனைத்து அந்த இடத்தில் ஒற்றிப் பார்த்தேன். பஞ்சில் ஆலிவ் நிறம் இறங்கியது. அரைக்கால் சட்டையின் செம்பழுப்பிலும் அதே போல் ஒற்றியபோது பஞ்சு வெள்ளையாகவே வந்தது. மண் ஸ்பிரிட்டில் கரையாது, புல்லின் பச்சையம் கரையும். ஆகவே ஜெர்சியில் இருந்தது அமிலம் பட்டு நிறம் மாறிய புல் கறை. பச்சையத்தின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. அமிலம் அதைப் பிடுங்கிவிட்டால் பச்சை போய்ப் பழுப்பு வந்துவிடும். புளி சேர்த்ததும் கீரை நிறம் மங்குவதும் இதே காரணத்தால்தான். எலுமிச்சை கறையைக் கூட்டவில்லை. இருந்த கறையின் நிறத்தை மாற்றி, அதை மண் கறை என்று நினைக்கவைத்துவிட்டது.

மூன்றாவது, மூன்று துணிகளிலும் சீராகப் படர்ந்திருந்த மஞ்சள். மண்ணே படாத உள்தையலிலும் அது இருந்ததால் ஆட்டத்தில் வந்ததாக இருக்க முடியாது. வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர் என்றார்கள். வாளியில் இரவு வைத்த தண்ணீர் காலையில் அடியில் பழுப்பு வண்டலாகப் படிகிறதா என்று கேட்டேன், படிகிறது என்றார். நீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் இரும்பு பிளீச் பட்டதும் துருவாக மாறித் துணியில் இறங்கிவிடும். சோதிப்பது எளிது: ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் சில சொட்டுப் பிளீச் விட்டுச் சிறிது நேரம் வைத்தால் நீர் மஞ்சளாகும். அன்று மாலையே வீட்டில் செய்து பார்த்துவிட்டு, ஆகிறது என்று தொலைபேசியில் சொன்னார். நைலான் பிளீச்சில் தானாகவும் மஞ்சளாகும் என்பதால் காலுறையின் மஞ்சளை மட்டும் முழுக்க இரும்பின் கணக்கில் எழுதவில்லை.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

இங்கே முடிவு செய்ய வேண்டியிருந்தது வேலைகளின் வரிசையை. மண்ணின் இரும்பை எடுக்க அமிலம் வேண்டும். ஆனால் அமிலத்தை முதலில் போட்டால் மிச்சமிருக்கும் பச்சையும் பழுப்பாகும். எது போனது, எது இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாமல் போய்விடும். புல்லின் கடைசி நிறத்தை எடுக்க ஆக்சிஜன் பிளீச் நல்லது. அதையும் முன்னதாகப் போட முடியாது: பருத்தி இழைக்குள் இரும்புத் துகள் இருக்கும்போது பெராக்சைடு பட்டால், இரும்பு அந்த வினையை ஓரிடத்தில் மும்முரமாக்கி இழையையே அரித்துவிடும். வெளுத்த துணியில் சில சமயம் ஊசி குத்தியது போல ஓட்டைகள் விழுவது இதனால்தான்.

எனவே காய்ந்த மண்ணை உதிர்ப்பது முதலில், ஸ்பிரிட்டாலும் என்சைம் தூளாலும் புல்லை எடுப்பது அடுத்து, அமிலத்தால் இரும்பை எடுப்பது அதற்கும் அடுத்து, தேவைப்பட்டால் மட்டும் கடைசியில் ஆக்சிஜன் பிளீச் என்று வைத்துக்கொண்டேன். குளோரின் பிளீச்சுக்கு இதில் எந்த இடத்திலும் வேலை இல்லை. வெள்ளைத் துணி என்றாலே பிளீச் என்று கை போகிற பழக்கம் எங்கள் தொழிலிலும் இருக்கிறது. செம்மண் ஊரில் அது காசுக்குப் பிடித்த கேடு.

திங்கள்: புல்லை எடுத்தது

துணிகளை முதலில் வடிகட்டிய நீரில் நன்றாக அலசிப் பிளீச்சின் மிச்சத்தைப் போக்கினோம். பிளீச் மிச்சமிருந்தால் அடுத்து போடும் என்சைம் செத்துவிடும். பிறகு நிழலில் முழுக்கக் காயவைத்து, கறையின் பின்பக்கம் விரலால் தட்டி, முன்பக்கம் மென்மையான பிரஷால் உதிர்த்தோம். ஏற்கெனவே துவைத்த துணி என்பதால் அதிகம் உதிரவில்லை. ஆனாலும் காலுறையிலிருந்து மேசைமேல் விழுந்த சிவப்புத் தூள் நன்றாகவே தெரிந்தது.

ஜெர்சியின் முழங்கைக்கு அடியில் மடித்த பழைய வெள்ளை வேட்டித் துண்டை வைத்து, கறை அதன்மேல் கவிழ்ந்திருக்கும்படி பரப்பி, பின்பக்கத்திலிருந்து ஸ்பிரிட்டைப் பஞ்சால் ஒற்றினோம். தேய்த்தால் நிறம் பரவும், பாலியஸ்டர் பின்னலில் பிசிறும் எழும். ஒற்றினால் நிறம் கீழே உள்ள துண்டில் இறங்கும். துண்டில் ஆலிவ் வட்டம் தெரிந்ததும் சுத்தமான பகுதிக்கு நகர்த்தி மறுபடி ஒற்றுவது. துண்டில் நிறம் இறங்குவது நின்றால் ஸ்பிரிட்டின் வேலை முடிந்தது என்று பொருள். அதற்கு மேல் ஊற்றுவதில் பலன் இல்லை. இந்த வேலையை ஜன்னலைத் திறந்துவைத்து, இஸ்திரிப்பெட்டியும் அடுப்பும் இல்லாத அறையில் செய்ய வேண்டும். ஸ்பிரிட் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

எண்ணின் விளிம்பில் மட்டும் கை வைக்கவில்லை. சூடாக்கி ஒட்டிய எண்ணின் பசை ஸ்பிரிட்டில் இளகும். ஓரத்தில் பஞ்சை லேசாகத் தொட்டுப் பார்த்தபோதே நீலம் பஞ்சில் பிசுபிசுத்தது. எண் உரிந்த ஜெர்சியைவிடக் கறை இருக்கும் ஜெர்சி மேல் என்று தாயாரிடம் கேட்டு முடிவெடுத்தோம்.

அடுத்து என்சைம். பொட்டலத்தில் என்சைம் இருப்பதாக அச்சிட்டிருக்கும் சலவைத் தூளை 5 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, மூன்று துணிகளையும் இரண்டு மணி நேரம் ஊறவைத்தோம். கை பொறுக்கும் சூடு, அதாவது 40 டிகிரி செல்சியஸ் அளவு போதும். புல்லின் சாற்றில் பச்சையத்தோடு புரதமும் இருக்கிறது, அதுதான் நிறத்தை இழையோடு பிடித்துவைக்கிறது. என்சைம் அந்தப் புரதத்தைத் துண்டு துண்டாக்கும். முதல் நாள் வீட்டில் ஊற்றிய வெந்நீர் அந்தப் புரதத்தை இறுகவைத்திருந்ததால் இங்கே ஊறும் நேரம் கூடியது. புதிய கறை என்றால் அரை மணி நேரமே போதுமானது.

மாலையில் ஜெர்சியின் தோள் தெளிந்துவிட்டது. முழங்கையில் மெல்லிய சாயல் மட்டும் இருந்தது. பஞ்சுக் குச்சிச் சோதனையில் பஞ்சு வெள்ளையாக வந்தது.

செவ்வாய்: இரும்பை எடுத்தது

இது குழந்தை அணியும் துணி. அதனால் மென்மையான அமிலத்தில்தான் தொடங்கினேன். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் சூடான நீரில் கரைத்து, பிளாஸ்டிக் தொட்டியில் மூன்று துணிகளையும் போட்டோம். இரும்பு வாளியும் அலுமினியப் பாத்திரமும் இதற்கு ஆகாது. முதல் கட்டத்தில் விலக்கிவைத்த சூடு இந்தக் கட்டத்தில் உதவுகிறது. புல் போய்விட்டதால் இறுகுவதற்கு எதுவும் இல்லை.

ஒரு மணி நேரத்தில் பிளீச்சால் வந்த மஞ்சள் ஜெர்சியிலும் அரைக்கால் சட்டையிலும் முற்றிலும் நீங்கியது. புதிதாகப் படிந்த துரு எளிதில் கரையும். கடின நீரில் பார் சோப்புப் போட்டுத் துவைத்துச் சேர்ந்திருந்த சாம்பல் படலமும் அதோடு போனதால் துணி எதிர்பார்த்ததைவிட வெளுப்பாக வந்தது. ஆனால் இடுப்புப் பக்கத்துச் செம்பழுப்பு பாதிதான் குறைந்தது. மண்ணில் இருக்கும் இரும்பு ஆக்சைடு பல்லாயிரம் ஆண்டுகளாக இறுகியது. எலுமிச்சை உப்புக்கு அவ்வளவு சீக்கிரம் மசியாது.

மிச்சத்துக்கு ஆக்ஸாலிக் அமிலத்தை எடுத்தோம். துரு எடுக்கச் சலவைத் தொழிலில் நெடுங்காலமாகப் புழங்கும் பொருள் இது. இரும்பைப் பிடித்துக் கரைத்து நீரோடு கொண்டுபோவதில் இதற்கு இணை குறைவு. ஆனால் விஷம். உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், தோலையும் அரிக்கும். அதனால் கையுறை போட்டு, ஒரு லிட்டர் சூடான நீரில் ஒரு தேக்கரண்டி கரைத்து, கறை படிந்த பகுதியை மட்டும் கால் மணி நேரம் முக்கிவைத்தோம். நீர் மெல்ல வெளிர் மஞ்சளானது, அது கரைந்து வந்த இரும்பு. இடுப்புப் பக்கத்தில் கறை இருந்த எல்லை தெரியாத அளவுக்குப் போய்விட்டது.

அமிலம் போட்ட பிறகு அலசுவதில்தான் பலர் அவசரப்படுவார்கள். பருத்தியில் ஆக்ஸாலிக் அமிலம் தங்கி, துணி காய்ந்து, அதன்மேல் இஸ்திரியும் போட்டால் நூல் பலவீனமாகி அடுத்த சில துவைப்பில் கிழியும். தண்ணீரை மாற்றி மாற்றி அலசி, கடைசி அலசலில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து, மறுபடியும் வெறும் நீரில் அலசினோம்.

இந்த வேலையை வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு என் கருத்து: சிட்ரிக் அமிலம் வரை வீட்டில் செய்யலாம். ஆக்ஸாலிக் அமிலப் பொட்டலம் சர்க்கரை போலவே இருக்கும். குழந்தை இருக்கும் வீட்டு அலமாரியில் அதற்கு இடமில்லை. அந்தக் கட்டம் வந்தால் சலவைக் கடைக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

விளைவு

ஜெர்சியின் முழங்கையில் இருந்த சாயலுக்குக் கடைசியாக ஆக்சிஜன் பிளீச் போட்டோம். இரும்பு போய்விட்டதால் பயமில்லை, பாலியஸ்டர் என்பதால் இழை அரிக்கும் கவலையும் இல்லை. வெதுவெதுப்பான நீரில் சில மணி நேரம் ஊறியபின் சாயல் மறைந்தது. எண்ணின் கீழ் விளிம்பில் விரல் நக அளவுக் கறை அப்படியே இருக்கிறது.

அரைக்கால் சட்டை வெளுத்துவிட்டது. ஆனால் துவைக்கும் கல்லில் தேய்த்த இடத்தில் இழை பிசிறி, கறை இல்லாமலேயே சற்று மங்கலாகத் தெரிகிறது. அதற்கு மருந்து இல்லை.

காலுறைதான் தோல்வி. செம்மண் பெரும்பகுதி போனாலும் எலாஸ்டிக் பட்டையில் மஞ்சள் நின்றுவிட்டது. அமிலத்துக்கு அது அசையாததால், அது துரு இல்லை, பிளீச்சால் நைலானும் எலாஸ்டிக்கும் கெட்ட நிறம் என்று எடுத்துக்கொண்டேன். அதை மேலும் வெளுக்கப் பார்த்தால் எலாஸ்டிக் விட்டுப்போகும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். பள்ளியில் கேட்டு, கோல்கீப்பர் மட்டும் கருநீலக் காலுறை அணிய அனுமதி வாங்கினார்கள்.

அடுத்த ஆட்டத்துக்குப் பிறகு

சனிக்கிழமைப் போட்டியிலும் மழை. இந்த முறை தாயார் துணிகளை நனைக்காமல் கொடியில் போட்டு மண்ணைக் காயவைத்தார். ஞாயிறு காலை வாசலில் உதறி, பிரஷால் தட்டிவிட்டு, பின்பக்கத்திலிருந்து குழாய்த் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சியிருக்கிறார். மண் வந்த வழியே வெளியேறியது. புல் கறையில் ஸ்பிரிட்டை ஒற்றி, என்சைம் தூளில் அரை மணி நேரம் ஊறவைத்து, வழக்கம்போலத் துவைத்திருக்கிறார். எலுமிச்சை உப்பு அரைக்கால் சட்டைக்கு மட்டுமே தேவைப்பட்டது. வெந்நீரும் பிளீச்சும் படாததால் கடைக்கு வர வேண்டிய வேலையே இருக்கவில்லை. தொலைபேசியில் விவரம் சொன்னபோது அவருக்கிருந்த ஒரே குறை, மண் காயும்வரை அந்தத் துணி வீட்டு முற்றத்தில் தொங்குவதை மாமியார் பொறுக்கவில்லை என்பதுதான்.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

துணி வாங்கும் இடத்தில் இரண்டு மாற்றங்களைப் பரிந்துரைத்தேன். ஒட்டிய எண்ணுக்குப் பதில் துணியிலேயே சாயமேற்றி அச்சிட்ட எண் என்றால் ஸ்பிரிட் பயமின்றி அந்த இடத்திலும் வேலை செய்ய முடியும். வாங்குமுன் உள்தையல் பக்கம் ஒரு சொட்டு விட்டுச் சோதித்துக்கொள்ள வேண்டும். அரைக்கால் சட்டை கலப்புத் துணிக்குப் பதில் முழு பாலியஸ்டராக இருந்தால் செம்மண் அவ்வளவு ஆழமாக இறங்காது, ஆனால் புல் கறை சற்றுக் கெட்டியாகப் பிடிக்கும். இந்த மைதானத்தில் மண்ணே பெரிய தொல்லை என்பதால் அந்தப் பேரம் லாபம்தான்.

எங்கள் கடையில், பள்ளி விளையாட்டு உடைகளை வாங்கும்போது இனிமேல் மூன்று கேள்விகளைச் சீட்டில் எழுதிக்கொள்கிறோம்: வெந்நீர் பட்டதா, அமிலம் பட்டதா, பிளீச் பட்டதா. மூன்றுக்கும் இல்லை என்றால் கூலி பாதி.